மாம்புரித் தரையும் நில அளவைக் கேள்விப்பத்திரமும்

புத்தளத்துக்கு மேற்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவில் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம் கற்பிட்டித் தீபகற்பம். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் பெருந்தெருவை ஒட்டி, நுரைச்சோலைக்கு அருகில் மாம்புரி இருக்கிறது. தென்னையும் மிளகாய், வெங்காயத் தோட்டங்களும் மீன்வாடிகளுமாக இருந்த இக்கரையில் 2010-ஆம் ஆண்டில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அடுத்த ஆண்டில், அண்டையிலுள்ள நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையத்தின் முதற் பகுதி இயங்கலாயிற்று. அதன் மூன்று பகுதிகளும் 2014-இல் நிறைவுற்றன. இத்தகைய வேலைகள் ஓரிடத்தை நாடி வரும்போது, மண் வெட்டுவதற்கும் கொங்கிறீற்று இடுவதற்கும் முன்னர் நடைபெற வேண்டிய காரியம் ஒன்றுண்டு. அந்தத் தரையின் மேடு பள்ளங்களை அளந்து இடவிளக்கப் படம் ஒன்று வரைவித்தல் வேண்டும். அதற்கெனக் கேள்விப்பத்திரம் கோரப்படும். அக்கேள்விப்பத்திரத்தோடு, செய்ய வேண்டிய வேலை இன்னதென்று கூறும் வேலைவிவரம் ஒன்று இணைக்கப்படும். நான்கைந்து பக்கங்களுக்கு மேற்படாத அந்த விவரத்தில் இரண்டு செய்திகள் தெளிவாக இருத்தல் வேண்டும். அளவை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அளந்தவர் எவற்றை ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

பெரும்பாலான வேலைவிவரங்களில், "காணியைத் துல்லியமாக அளந்து, சமவுயரக் கோடுகளுடன் படம் தரவேண்டும்" என்ற ஒரே வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடும். படிப்பதற்கு இது போதுமானதாகவே தோன்றும். ஆனால் இதனைப் படித்து விலை குறிக்கும் நில அளவையாளர் நால்வர் இருப்பின், நால்வரும் நான்கு வேறு வேலைகளை மனத்தில் எண்ணிக்கொண்டே விலை குறிப்பர். ஒருவர், செய்மதிக் கருவியை ஏந்தி ஒரே நாளில் காணியைச் சுற்றிவர எண்ணுவார். இன்னொருவர், தொலைவிலுள்ள மட்டக்குறியிலிருந்து மட்டம் கொண்டுவந்து ஒரு வாரம் உழைக்க எண்ணுவார். குறைந்த விலைக்கே வேலை கிடைக்கும் என்ற நியதியில், முன்னவரே தெரிவு செய்யப்படுவார். அவர் செய்ததைப் பிழையென்று பின்னர் சொல்வதற்கு வேலைவிவரத்தில் எவ்விதப் பிடியும் இராது.

மாம்புரியைப் போன்ற தரையில் இதன் விளைவு யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 400 மீற்றர் நீளமும் 250 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு காணியை எண்ணிக்கொள்வோம். பரப்பு 10 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர். அதன் தரை சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 1.4 மீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், மழைக்காலத்தில் நீர் தேங்காதிருக்க அதனை 2 மீற்றருக்கு உயர்த்த உரிமையாளர் கருதுவதாகவும் கொள்வோம். 60 சென்ரிமீற்றர் தடிப்புக்கு மண் நிரப்ப வேண்டும். 10 ஹெக்டேயருக்கு அது 60,000 கனமீற்றர். மண் நிரப்பும் ஒப்பந்தம் இக்கணக்கை வைத்தே எழுதப்படும்.

அளவையில் ஒவ்வொரு புள்ளியிலும் ஓரிரு சென்ரிமீற்றர் பிழை கூடியோ குறைந்தோ இருக்கத்தான் செய்யும். அதனால் பெருந்தீங்கு இல்லை. ஓரிடத்தில் கூடியது இன்னோரிடத்தில் குறைந்து, ஆயிரம் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும்போது பிழைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். ஆனால் எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கமாக 7 சென்ரிமீற்றர் பிழைபட்டிருந்தால் நிலைமை வேறு. அப்பிழை எவ்விடத்தும் அழியாது. 10 ஹெக்டேயரில் 7 சென்ரிமீற்றர் என்பது 7,000 கனமீற்றர் மண். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கனமீற்றர். மூன்று கியூப் ஏற்றும் லொறிகளாகக் கணக்கிட்டால், இது எண்ணூறு லொறிச் சுமைகளுக்கு மேல். சமவுயரக் கோடுகள் அழகாக வளைந்து செல்லும் படத்தில் இப்பிழை கண்ணுக்குச் சற்றும் தெரியாது. காணி முழுவதும் ஒரே அளவாக உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பதால் கோடுகளின் வடிவம் கெடுவதில்லை. மண் ஏற்றிவந்தவர் பணம் கேட்கும் நாளில்தான் அது வெளிப்படும்.

இந்த ஒருபக்கப் பிழை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உயரத்தின் தொடக்கப் புள்ளியிலிருந்தே. உயரம் என்பது எதற்கு மேல் உயரம் என்பதைச் சொல்லாமல் பொருள்படாத ஒன்று. படங்களில் நாம் குறிக்கும் உயரம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலான உயரம். செய்மதிக் கருவி காட்டும் உயரமோ அதுவன்று. பூமியின் வடிவை ஒட்டிக் கணிதத்தால் அமைத்த ஒரு நீள்கோளப் பரப்புக்கு மேல் தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையே அக்கருவி அறியும். அந்தப் பரப்பும் கடல்மட்டமும் எல்லா நாட்டிலும் ஒன்றாயிருப்பதில்லை. உலகிலேயே இவ்வேறுபாடு மிக அதிகமாக உள்ள பகுதிகளுள் இலங்கையைச் சூழ்ந்த கடற்பரப்பும் ஒன்று. இங்கே கடல்மட்டம் அப்பரப்பிலிருந்து 90 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்துள்ளது. ஆகவே மாம்புரிக் கடற்கரையில், அலை காலை நனைக்கும் இடத்தில் செய்மதிக் கருவியை நிறுத்தினால், திருத்தம் எதுவும் செய்யாத நிலையில் அது பூச்சியத்துக்குக் கீழே தொண்ணூற்றுச் சொச்சம் மீற்றர் என்று காட்டும். கடலுக்குள் மூழ்கிவிட்டோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வியே வேறு.

தொண்ணூறு மீற்றர்ப் பிழையை எவரும் உடனே கண்டுகொள்வர். அதனால் அது அபாயமற்றது. அபாயம், அதனைத் திருத்தும்போது எஞ்சும் சிறு வேறுபாட்டில் இருக்கிறது. உலகம் முழுமைக்குமென அமைத்த திருத்த அட்டவணையைக் கருவிக்குள் ஏற்றிவிட்டால் உயரம் ஏறக்குறையச் சரியாகிவிடும். அந்த "ஏறக்குறைய" என்பதற்குள் சில சென்ரிமீற்றரும் இருக்கலாம், சில பத்துச் சென்ரிமீற்றரும் இருக்கலாம். இதனைத் தீர்க்கும் வழி ஒன்றே. நில அளவைத் திணைக்களம் நிறுவி உயரம் கணித்து வைத்துள்ள மட்டக்குறியிலிருந்து, பழைய முறையிலே மட்டக்கருவியும் மட்டக்கோலும் கொண்டு காணிவரை மட்டம் கொண்டுவருதல் வேண்டும். 1800-ஆம் ஆண்டில் தோன்றிய அத்திணைக்களத்தின் குறிகள் இன்றும் நாட்டின் உயரங்களுக்கு ஆதாரமாக நிற்கின்றன. பாலங்களின் கட்டிலும் மதகுகளின் ஓரத்திலும் பொறிக்கப்படும் குறிகளோ தெரு அகலிக்கப்படும்போது அசைந்துவிடுவதுண்டு. மதகைப் புதுப்பித்தவர் பழைய கல்லைச் சற்று உயர்த்தி மறுபடி பதித்திருக்கலாம். ஆகவே ஒரு குறியை மட்டும் நம்பாமல், இரண்டு குறிகளைத் தொட்டு வரவேண்டும் என்று வேலைவிவரம் கட்டளையிட வேண்டும். இரண்டுக்கும் இடையே அளந்த வேறுபாடு, திணைக்களம் கொடுத்த வேறுபாட்டோடு ஒத்தால் இரண்டும் நம்பத்தக்கவை. ஒவ்வாவிடின் மூன்றாவதைத் தேட வேண்டும்.

மட்டம் கொண்டுவருவதிலும் எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்பதை எண்ணாகவே சொல்லிவிடலாம். கிலோமீற்றரில் தூரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 12 மில்லிமீற்றரால் பெருக்கி வரும் தொகையே எல்லை என்று விதிப்பது நில அளவையில் வழக்கமான ஒன்று. நான்கு கிலோமீற்றர் மட்டம் ஓடினால் எல்லை 24 மில்லிமீற்றர். போன வழியே திரும்பி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்கும்போது கிடைக்கும் வேறுபாடு அதற்குள் இருந்தால் வேலையை ஏற்கலாம். மீறினால், படம் வரையத் தொடங்குமுன்னரே மீண்டும் ஓட வேண்டும்.

உயரத்துக்கு ஒரு தொடக்கம் இருப்பதுபோலக் கிடைநிலைக்கும் ஒன்றுண்டு. இலங்கையில் பழைய ஆள்கூற்று முறை, புதிய ஆள்கூற்று முறை என இரண்டு வழங்குகின்றன. இரண்டிலும் பீதுருதாலகால மலையே மூலப்புள்ளி. பழையதில் அம்மலைக்கு 200,000 மீற்றர் கிழக்கு, 200,000 மீற்றர் வடக்கு என்று எண் கொடுத்தனர். 1999-ஆம் ஆண்டின் முறையில் இரண்டும் 500,000 ஆயின. இரண்டையும் ஒருவர் கலந்துவிட்டால் காணி கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் 300 கிலோமீற்றர் வீதம் தள்ளிப் போய்விடும். அது எவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வெறுமனே 300,000-ஐக் கூட்டிச் சரிசெய்துவிட்டதாக எண்ணுவோர் உண்டு. புதிய முறைக்கென நாட்டின் ஆதாரப் புள்ளிகள் மீண்டும் அளந்து கணிக்கப்பட்டமையால், அவ்வாறு கூட்டியபின்னும் சிறு வேறுபாடு எஞ்சும். எந்த முறை வேண்டும் என்பதை வேலைவிவரத்தின் முதற் பக்கத்திலேயே பெயர் சொல்லி எழுதுவதால் இவ்விபத்து தவிர்க்கப்படும்.

இனித் துல்லியத்தின் எண்ணுக்கு வருவோம். எவ்வளவு கேட்பது? கேட்பதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று எண்ணி ஒரு சென்ரிமீற்றர் என எழுதிவிடுவோர் உளர். மாம்புரி மணலில் மட்டக்கோலை ஊன்றினால் அதன் அடியே ஒரு சென்ரிமீற்றர் புதையும். அதே இடத்தில் ஓராள் நடந்து போன தடம் அதைவிட ஆழமாக இருக்கும். இல்லாத துல்லியத்தைக் கேட்டால், நேர்மையான அளவையாளர் விலையை ஏற்றுவார். மற்றவர் ஆமென்று கையெழுத்திட்டுவிட்டுப் போவார். ஆகவே தரையின் தன்மைக்கேற்ப எண்ணை வேறுபடுத்துவது முறை. தார்த்தெரு, கொங்கிறீற்று, மதகு ஆகிய கடினப் பரப்புகளில் 2 சென்ரிமீற்றர் கேட்கலாம். வெளியான மணற்றரையில் 5 சென்ரிமீற்றர் போதும். பற்றையும் புல்லும் அடர்ந்த இடத்தில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் நெருக்குவதில் பயனில்லை. ட்ரோன் எனப்படும் ஆளில்லாப் பறப்புக் கருவியிலிருந்து படம்பிடித்து அளப்பதாயின், இந்தக் கடைசி வகையில் விசேட கவனம் வேண்டும். படத்துக்குத் தெரிவது புல்லின் நுனி. தரை அதன் கீழே இருக்கிறது. முழங்காலளவு புல் வளர்ந்த காணியைப் படத்தால் மட்டும் அளந்தால், புல்லும் தரையாகிவிடும். அத்தகைய இடங்களில் கோலூன்றித் தரையையே தொட்டு அளக்க வேண்டும் என்று எழுதாவிட்டால், எவரும் முள்ளுப் பற்றைக்குள் தாமாகப் போகமாட்டார்.

புள்ளிகளின் நெருக்கம் அடுத்த விஷயம். 10 மீற்றருக்கு ஒன்றாகப் புள்ளி எடுத்தால் நமது காணிக்கு ஏறத்தாழ ஆயிரம் புள்ளிகள் வரும். சமமான தரைக்கு இது தாராளம். ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, ஒரு மீற்றர் அகலமான வாய்க்கால் ஒன்று ஒரு குறியும் வைக்காமல் ஓடிப் போய்விடலாம். மணல்மேட்டின் முடியும் அப்படியே தப்பிவிடும். ஆகவே வரப்பின் தலையும் அடியும், வாய்க்காலின் இரு கரையும் நடுவும், மணல்மேட்டின் முதுகும் தொடர்கோடுகளாகத் தனியே அளக்கப்பட வேண்டும். தோட்டக் கிணறுகளின் வாயும் நீர்மட்டமும் அளந்த திகதியோடு குறிக்கப்பட வேண்டும். மழைக்காலத்து நீர்மட்டமும் கோடைக்கால நீர்மட்டமும் ஒன்றல்ல என்பது அவ்வூர்த் தோட்டக்காரர் அறிந்ததே.

கடலோரக் காணியில் இன்னொரு கோடும் வேண்டப்படும். 1981-ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாகக் கொள்கிறது. அவ்வலயத்துக்குள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதி பெற வேண்டும். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது உயரத்தைப் பொறுத்தது. 20 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரியும் கடற்கரையில், உயரத்தில் 7 சென்ரிமீற்றர் பிழை கோட்டை 1.4 மீற்றர் இடம்பெயர்த்துவிடும். அன்றியும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை கரையை அரிக்கும். பின்னர் மணல் மீண்டும் சேரும். ஆதலால் திகதியிடப்படாத கரைக்கோடு பாதிக் கரைக்கோடே ஆகும். காணியின் சட்ட எல்லையை நிர்ணயிப்பது இதிலிருந்து வேறான வேலை. உறுதியையும் பழைய நில அளவைப் படத்தையும் வைத்துப் பதிவு பெற்ற நில அளவையாளர் செய்ய வேண்டியது அது. இடவிளக்கப் படத்தில் வேலியை வரைந்துவிட்டதனால் வேலி எல்லையாகிவிடாது. இதனை வேலைவிவரத்தில் ஒரு வரியில் சொல்லிவைத்தால் பின்னர் வழக்குக்கு இடமிராது.

இவ்வளவும் எழுதியபின், எழுதியபடி நடந்ததா என்பதை அறிவது எப்படி? இதற்குத்தான் சோதனைப் புள்ளிகள். வேலை முடிந்ததும், அளந்தவரல்லாத மற்றொரு நில அளவையாளர், மட்டக்குறியிலிருந்து தாமே தனியாக மட்டம் கொண்டுவந்து, காணியில் பரவலாக 20 இடங்களின் உயரத்தை அளக்க வேண்டும். முதல் அளவையாளர் காணியில் நட்ட கல்லிலிருந்து தொடங்கினால் சோதனை வீணாகும். அவர் கல்லிலேயே பிழை இருந்தால் இருவரும் ஒரே பிழையில் உடன்பட்டு மகிழ்வர். பின்னர், ஒவ்வோரிடத்திலும் படம் சொல்லும் உயரத்துக்கும் சோதனை சொல்லும் உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டல் கழித்தல் குறியோடு எழுத வேண்டும்.

இவ்வேறுபாடுகளிலிருந்து இரண்டு எண்கள் கணிக்கப்படும். குறியோடு கூட்டிச் சராசரி எடுப்பது ஒன்று. ஒவ்வொன்றையும் வர்க்கித்து, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது மற்றொன்று. இதனை வர்க்கமூல இடைப் பிழை என்பர். நமது எடுத்துக்காட்டுக் காணியில் 20 இடங்களிலும் வேறுபாடு 4 சென்ரிமீற்றரிலிருந்து 10 சென்ரிமீற்றர்வரை, எல்லாம் கூட்டற்குறியோடு வந்ததாகக் கொள்வோம். சராசரி 7 சென்ரிமீற்றர். அச்சராசரியைச் சுற்றிய சிதறல் 2 சென்ரிமீற்றர். வர்க்கமூல இடைப் பிழை 7.3 சென்ரிமீற்றர் ஆகும். இப்போது வேலைவிவரத்தில் "எந்தப் புள்ளியிலும் பிழை 10 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது" என்று மட்டும் இருந்தால், இந்த அளவை தேறிவிடும்! 7,000 கனமீற்றர் மண்ணும் அதனோடு சேர்ந்து தேறிவிடும். "வர்க்கமூல இடைப் பிழை 5 சென்ரிமீற்றருக்குள், குறியோடு கூடிய சராசரி 2 சென்ரிமீற்றருக்குள்" என்று இருந்தால் இரண்டிலும் தவறும். 20 புள்ளிகளில் சிதறல் 3 சென்ரிமீற்றர்வரை இருந்தாலும், அதனால் சராசரி தற்செயலாக அசையும் அளவு ஒரு சென்ரிமீற்றருக்குள்ளேயே இருக்கும். ஆகவே 2 சென்ரிமீற்றர் எல்லை எவருக்கும் அநீதி செய்வதன்று.

இவ்விரு எண்களும் பிழையைக் காட்டுவதோடு அதன் ஊற்றையும் காட்டுகின்றன. சராசரி பெரிதாயும் சிதறல் சிறிதாயும் இருந்தால், அளந்த கைகள் நன்றாகவே உழைத்திருக்கின்றன. தொடக்கம் மாத்திரம் பிழை. அசைந்த மட்டக்குறியாகவோ, செய்மதிக் கருவியின் அன்ரனா உயரத்தைத் தவறாகப் பதிந்ததாகவோ இருக்கும். காரணத்தைக் கண்டு, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே திருத்தம் செய்தால் வேலை மீண்டுவிடும். சராசரி பூச்சியத்தை ஒட்டியிருந்தும் சிதறல் பெரிதானால், புள்ளிகளே நம்பத்தகாதவை. மீண்டும் களத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. பற்றைக்குள் மட்டும் வேறுபாடு ஒரே பக்கமாக உயர்ந்திருந்தால், புல்லை அளந்திருக்கிறார்கள்.

திருத்தம் செய்யலாம் என்றோம். ஆனால் எதனைத் திருத்துவது? கையில் இருப்பது அச்சிட்ட படம் ஒன்றே ஆயின் திருத்துவதற்கு எதுவுமில்லை. ஒப்படைக்க வேண்டியவை எவை என்ற பகுதியின் முழுப் பெறுமதியும் இங்கேதான் விளங்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் எண், கிழக்கு, வடக்கு, உயரம், அது இன்னது என்ற குறிப்பு ஆகியவை அடங்கிய பட்டியல் கணினிக் கோப்பாக வேண்டும். களத்தில் எழுதிய மட்டப் புத்தகமும் கருவியின் மூலப் பதிவுகளும் மாற்றமின்றி வேண்டும். மட்டக்குறிகள் எவை, அவற்றுக்குக் கொண்ட உயரம் எவ்வளவு, மட்டம் எவ்வளவு பொருந்தியது என்பவற்றைக் கூறும் அறிக்கை வேண்டும். படமோ, பிறர் திறந்து வேலை செய்யக்கூடிய கணினி வரைபடமாகவும், நில அளவையாளர் ஒப்பமிட்ட தாளாகவும் இரு வகையில் வேண்டும். இவற்றோடு, காணிக்குள் மண் நிரப்பும் வேலையால் அழியாத இடங்களில் கொங்கிறீற்றால் நிலைநாட்டிய கற்கள் மூன்றேனும், அவற்றைக் கண்டுபிடிப்பதற்கான குறிப்புப் படமும் வேண்டும். மண் நிரப்ப வருபவரும், பின்னர் அத்திவாரம் இடுபவரும் அக்கற்களிலிருந்தே தொடங்குவர். கற்கள் இல்லையெனில் ஒவ்வொருவரும் தத்தம் கடல்மட்டத்தோடு வருவர்.

கட்டணத்தின் கடைசிப் பகுதி, சோதனைப் புள்ளிகளின் பெறுபேறு வந்த பின்னரே கொடுக்கப்படும் என்பதையும், சோதனைக்கான செலவு யாரைச் சேரும் என்பதையும் வேலைவிவரத்தில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். முதற் சோதனையின் செலவை உரிமையாளர் ஏற்பதும், அதில் தவறினால் மறுசோதனையின் செலவை அளந்தவர் ஏற்பதும் நியாயமான பங்கீடு. இரண்டு மட்டக்குறிகளும் எங்கே இருக்கின்றன, இன்னும் நிற்கின்றனவா என்பதைக் கேள்வி கோருமுன் உரிமையாளரே ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் செய்வாராயின், விலை குறிப்பவர் எத்தனை கிலோமீற்றர் மட்டம் ஓட வேண்டியிருக்கும் என்பதை ஊகிக்க வேண்டிய தேவை இராது. நால்வரும் ஒரே வேலைக்கே விலை குறிப்பர்.